பணி நிறைவு விழாவில் வாசிக்கும் கவிதை: ஓர் அகவல் எழுதிப் பார்ப்போம்

கேள்வி: "நான் அறிவியல் ஆசிரியர். எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை இம்மாதம் ஓய்வு பெறுகிறார். விழாவில் மாணவர்கள் முன்னால் நான் ஒரு கவிதை எழுதி வாசிக்க வேண்டும். 'அறிவுச் சுடரே அன்பின் கடலே, பண்பின் சிகரமே பாசத்தின் உருவமே' என்று தொடங்கினேன். எனக்கே அது வாழ்த்து அட்டை போலத் தெரிகிறது. அவர் விடையை விட வழிமுறையைக் கேட்பவர், மணி அடித்த பிறகும் சந்தேகம் தீர்ப்பவர், தேய்ந்த சுண்ணக்கட்டித் துண்டுகளைக்கூடப் பெட்டியில் சேர்த்து வைப்பவர். மரபில் எழுதுவதா, புதுக்கவிதையா? எங்கே தவறுகிறேன்?"

உங்கள் இரண்டு வரிகளிலும் இலக்கணப் பிழை எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வரியிலும் நான்கு சீர் இருக்கிறது. 'அறிவு, அன்பு' என்றும் 'பண்பு, பாசம்' என்றும் மோனை தானாக விழுந்திருக்கிறது. குறை ஓசையில் இல்லை. அந்த இரண்டு வரிகளை அடுத்த ஆண்டு ஓய்வு பெறும் இன்னொருவருக்கும் அப்படியே வாசிக்கலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் அதன் பிறகு நீங்கள் கேள்வியில் எழுதிய மூன்று செய்திகளை வேறு யாருக்கும் வாசிக்க முடியாது. கவிதை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதை உரைநடையில் எழுதிவிட்டு, கவிதைக்கென்று வேறு சொற்களைத் தேடிப் போயிருக்கிறீர்கள்.

தமிழாசிரியராகப் பல ஆண்டுகளாக இந்த விழாக்களுக்கு மடல் எழுதியும், மற்றவர்கள் எழுதி வந்ததைத் திருத்திக் கொடுத்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். அரங்கில் இருப்பவர்கள் கவிதையை முதல் தடவையாகவும் ஒரே தடவையாகவும் காதால் மட்டும் கேட்கப்போகிறார்கள். திரும்பப் படித்துப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. அதனால் அவர்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்த ஒன்றைச் சொன்னால்தான் அது உடனே போய்ச் சேரும். 'அன்பின் கடலே' என்றால் பின்வரிசை மாணவன் மனத்தில் எதுவும் தோன்றாது. 'சுண்ணக்கட்டித் துண்டு' என்றால் அந்தப் பெட்டி தோன்றும்.

நன்னூல் ஆசிரியருக்கு நான்கு உவமைகள் சொல்கிறது: நிலம், மலை, நிறைகோல், மலர். விழா மடல்களில் இந்த நான்கும் வரிசையாக வந்து நிற்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான்கையும் அடுக்கினால் எதுவும் நிற்காது. ஆனால் உங்கள் கணித ஆசிரியைக்கு அவற்றில் ஒன்று உண்மையாகவே பொருந்துகிறது. பவணந்தியார் நிறைகோலுக்குச் சொல்லும் இரண்டு குணங்கள், ஐயம் தீரப் பொருளை உணர்த்துவதும் நடுநிலை தவறாமல் இருப்பதும். மணி அடித்த பிறகும் சந்தேகம் தீர்ப்பது முதலாவது. விடை தவறினாலும் செய்த படிகளுக்கு உரிய மதிப்பெண்ணைக் கொடுப்பது இரண்டாவது. (வழிமுறையைக் கேட்பவர் என்று நீங்கள் எழுதியதிலிருந்து இந்த இரண்டாவதை நானாக ஊகித்துக்கொண்டேன். அவர் அப்படித்தான் திருத்துவாரா என்று ஒரு விடைத்தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.) அதற்காக 'நிறைகோல்' என்ற சொல்லைக் கவிதைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தச் செய்தியை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க அது உங்களுக்குத் துணை நின்றால் போதும்.

மரபா, புதுக்கவிதையா என்பதற்கு வருகிறேன். வாசிப்பவருக்கு நல்ல குரலும் மேடைப் பழக்கமும் இருந்தால் புதுக்கவிதை நன்றாகவே எடுபடும். இல்லாவிட்டால் அது பாராட்டுரையின் தொடர்ச்சி போலக் கேட்கும், ஏனென்றால் காகிதத்தில் நீங்கள் உடைத்த வரிகள் காதுக்குத் தெரிவதில்லை. மரபில் வெண்பா அழகானது, ஆனால் தளை ஓரிடத்தில்கூடத் தட்டக் கூடாது. நான்கு வரிக்குள் மூன்று செய்திகளை அடக்கவும் பழக்கம் வேண்டும். விருத்தம் பாடுவதற்கு ஏற்றது, ஆனால் நான்கு அடிக்கும் ஒரே எதுகை, ஒரே சீர் அமைப்பு என்று வரும்போது புதிதாக எழுதுபவர் இடத்தை நிரப்பப் பொருளில்லாத சொற்களைப் போட ஆரம்பித்துவிடுவார். உங்களுக்கு நான் சொல்வது ஆசிரியப்பா, அதாவது அகவல். புறநானூற்றுப் பாடல்கள் பெரும்பாலும் இந்தப் பாவில்தான் இருக்கின்றன. பேச்சுக்கு மிக அருகில் இருக்கும் பா இது. ஒரு மனிதரைப் பற்றி எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல இதைவிடத் தோதானது எனக்குத் தெரியாது.

இதன் விதிகள் சில வரிகளில் அடங்கும், இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. அடிக்கு நான்கு சீர். கடைசிக்கு முந்திய அடியில் மட்டும் மூன்று சீர். கடைசி அடி 'ஏ' என்று முடிவது சிறப்பு. இப்படி அமைந்தால் அது நேரிசை ஆசிரியப்பா. மூன்று அடிக்குக் குறையக் கூடாது, கூடுதலாக எத்தனை அடியும் எழுதலாம். சீர்கள் பெரும்பாலும் ஈரசைச் சீர்களாக இருக்கட்டும், அங்கங்கே காய்ச்சீர் வந்தால் குற்றமில்லை. அசை பிரிப்பது பள்ளியில் படித்ததுதான்: தனியாக நிற்கும் குறிலோ நெடிலோ நேர், இரண்டு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால் நிரை, பின்னால் வரும் ஒற்று கணக்கில் சேராது. 'விடையைச்' என்றால் விடை நிரை, யைச் நேர். 'சொன்னால்' என்றால் சொன் நேர், னால் நேர். மோனை முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் விழுந்தால் காதுக்கு இதமாக இருக்கும். எதுகை இரண்டிரண்டு அடிகளுக்கு ஒத்திருந்தால் போதும், எல்லா அடிக்கும் ஒன்றே வேண்டியதில்லை. இந்த நெகிழ்ச்சியால்தான் அறிவியல் ஆசிரியரான உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன்னால் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும், வினைச்சொற்களை எந்தக் காலத்தில் வைப்பது என்பதை. நான் திருத்தக் கண்ட மடல்களில் மிகப் பெரிய பிழை இதில்தான் நேர்கிறது. 'எங்களோடு இருந்தார், சிரித்தார், எங்களுக்காகவே வாழ்ந்தார், இன்று பிரிந்தார்' என்று இறந்தகால வினைகளை அடுக்கினால், எழுதியவர் நினைக்காமலே அது கையறுநிலை ஆகிவிடும். புரவலன் இறந்தபின் பாடும் துறை அது. முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதைப் பாட வேண்டாம். தமிழில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 'கேட்பார், தருவார், தொடங்குவார்' என்ற எதிர்கால வினை வழக்கமாகச் செய்வதையும் குறிக்கும். 'மணி அடித்தாலும் தொடங்குவார்' என்றால் இத்தனை காலம் செய்துவந்தார் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது, முடிந்துபோனது என்ற தொனியும் வருவதில்லை. எனவே கவிதையின் முதல் பாதி முழுவதையும் இந்த வினைமுற்றில் வையுங்கள்.

அடுத்தது, யாரைப் பார்த்துப் பேசுவது என்பது. முதல் பாதியை மாணவர்களைப் பார்த்து, அவரைப் படர்க்கையில் வைத்து 'ஆர்' விகுதியோடு சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒருவரைத் தாங்களே அடையாளம் காண்பார்கள். பாதிக்குப் பிறகு அவர் பக்கம் திரும்பி 'அம்மா' என்று விளியுங்கள். இந்தத் திருப்பம் ஒரு தடவைதான் வர வேண்டும். மாறி மாறித் திரும்பினால் கேட்பவர்கள் குழம்புவார்கள். கவிதையில் 'நீ' என்று விளிக்க மரபு இடம் கொடுக்கிறது என்றாலும், மாணவர்கள் கேட்கும் இடத்தில் மூத்த ஆசிரியையை 'நீ' என்பது பலர் காதில் உறுத்தும். 'நீங்கள், உங்கள்' என்ற வடிவங்களே அகவலில் தேமாவாக எளிதில் உட்காரும். 'நீவிர்' எல்லாம் வேண்டாம்.

இனி ஓர் அடி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். உரைநடையில் செய்தி இது: விடை தவறாக வந்தாலும் செய்த வரிகளுக்கு மதிப்பெண் கொடுத்துவிடுவார். இதைச் சுருக்கி முதலில் எழுதினால் 'விடைதவ றினாலும் மதிப்பெண் தருவார்' என்று வரும். நான்கு சீரும் சரி, ஓசையும் சரி. ஆனால் பொருள் கெட்டுவிட்டது. தவறான விடைக்கு மதிப்பெண் தருபவர் என்று அரங்கம் கேட்கும், மாணவர்கள் சிரிப்பார்கள், கண்டிப்பான ஒரு கணித ஆசிரியையைப் பற்றிப் பொய் சொன்னது போலாகும். சுருக்கும்போது எந்தச் சொல் போகக் கூடாது என்று பாருங்கள். இங்கே போகக் கூடாதவை 'வரி'யும் 'உரியது'ம். ஓரடியில் அடங்கவில்லை என்றால் இரண்டடி எடுத்துக்கொள்ளலாம்: 'பிழையாய் முடிந்த பெரிய கணக்கிலும், உழைத்த வரிக்கும் உரியதைத் தருவார்.' பிழை, உழை என எதுகை அமைந்தது. பி, பெ என்றும் உ, உ என்றும் மோனை அமைந்தது. முக்கியமாக, அவர் செய்வது சரியாகச் சொல்லப்பட்டுவிட்டது.

இந்த வழியில் உங்கள் செய்திகளை வைத்து நான் எழுதிப் பார்த்த அகவல் இது.

விடையைச் சொன்னால் வியந்திட மாட்டார்;
கடந்த வழியைக் காட்டெனக் கேட்பார்;
பிழையாய் முடிந்த பெரிய கணக்கிலும்
உழைத்த வரிக்கும் உரியதைத் தருவார்;
மணியடித் தாலும் மாணவர் ஐயம்
துணிவுடன் கேட்டால் தொடங்குவார் மீண்டும்;
சுண்ணக் கட்டியின் துண்டுகள் கூடக்
கண்ணெனப் பொறுக்கிக் காப்பார் பெட்டியில்;
அம்மா! நாளை அவ்வகுப் பறையில்
சும்மா இருக்குமோ சுவரும் பலகையும்?
எங்கே வழியென எம்மையும் கேட்கும்;
உங்கள் குரலில் ஒவ்வொரு வரியாய்ச்
சொல்லிப் பார்ப்போம்; சோர்ந்திட மாட்டோம்;
மெல்ல நடக்கலாம்; மணியினி இல்லை;
காட்டிய வழியினைக் காட்டி
மீட்டும் கேட்போம் வழியெது எனவே.

பதினாறு அடி. நிதானமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம் ஆகும், இடையில் நிறுத்தி வாசித்தாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பல உரைகளுக்கு நடுவே வரும் கவிதைக்கு இந்த அளவு போதும் என்பது என் கருத்து. முப்பது அடி எழுதிவிட்டால் நல்ல அடிகளும் அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

சில இடங்களில் நான் ஏன் மாற்றினேன் என்று சொன்னால் உங்கள் அடிகளைத் திருத்த உதவும். ஐந்தாம் அடியை முதலில் 'மணியடித் ததன்பின் மற்றவர் போவார்' என்று எழுதினேன். அடுத்த அடியில் 'இவர் மட்டும் இருப்பார்' என்று முடிக்க எளிதாக இருந்தது. ஆனால் அந்த 'மற்றவர்' எல்லாரும் அதே மேடையிலும் அரங்கிலும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை உயர்த்த மற்றவர்களைத் தாழ்த்தும் அடி, எவ்வளவு நன்றாக ஓசைப்பட்டாலும் இந்த விழாவில் கூடாது. பாராட்டப்படுபவருக்கே அது சங்கடத்தைக் கொடுக்கும். அதனால் மற்றவரை எடுத்துவிட்டு மாணவரைக் கொண்டுவந்தேன். சந்தேகம் கேட்கத் துணிந்து எழுந்த மாணவர் உள்ளே வந்ததும் அடி முன்னைவிட நன்றாகிவிட்டது.

எட்டாம் அடியின் முதல் வடிவம் 'எண்ணி எடுத்தோர் இடத்தினில் வைப்பார்'. எடுத்து, ஓர் இடத்தில் வைப்பார் என்பது நான் நினைத்த பொருள். கண்ணால் படித்தால் ஒருவாறு புரியும். வாசித்துப் பார்த்தால் 'எடுத்தவர்களிடம் வைப்பார்' என்று கேட்கிறது. ஒன்பதாம் அடியில் நேர்ந்தது இன்னும் மோசம். 'அம்மா! நீங்கள் அறைவிட்டுச் சென்றால்' என்று எழுதியிருந்தேன். வகுப்பறையை விட்டு என்று எனக்குப் புரிந்தது. மாணவர்கள் நிறைந்த அரங்கில் 'அறை விட்டு' என்றால் அவர்களுக்கு வேறு என்ன கேட்கும்? கன்னத்தில் விழுந்த அறைதான் கேட்கும். இப்படி இரண்டு பொருள் தரும் இடங்களை எழுதியவர் தானே கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் தான் நினைத்த பொருள் மட்டுமே அவருக்குக் கேட்கும். எனவே கவிதையை முன்பு பார்த்திராத ஒருவரிடம், தாளைக் காட்டாமல் வாசித்துக் காட்டி, அடி அடியாக என்ன புரிந்தது என்று கேளுங்கள். மாணவர் ஒருவரிடம் கேட்டால் இன்னும் நல்லது, அவர்கள் காதுக்குத்தான் இத்தகைய இடங்கள் முதலில் எட்டும்.

'நாளை அவ்வகுப்பறையில்' என்று மாற்றியதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. நீங்கள் போன பிறகு, பிரிந்த பிறகு என்ற சொற்களே வராமல் பிரிவைச் சொல்ல முடிந்தது. நாளை அந்த அறையில் சுவரும் பலகையும் கேள்வி கேட்கும் என்றால், அவர் அங்கே இருக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் புரிந்துவிடும். அரங்கில் கண் கலங்குவது பெரும்பாலும் இப்படிச் சொல்லாமல் விட்ட இடத்தில்தான். 'கண்ணீர்' என்ற சொல்லை எழுதி நான் பார்த்தவரை யாருக்கும் கண்ணீர் வந்ததில்லை.

பதினான்காம் அடியில் 'மெல்ல', 'மணி' இரண்டுக்கும் மோனை கண்டிப்பான இலக்கணப்படி பொருந்தாது. மெ, ம இரண்டிலும் மெய் ஒன்றுதான், ஆனால் எகரமும் அகரமும் மோனைக்கு இனம் ஆகா. அதை அப்படியே விட்டுவிட்டேன். இனி மணிக்கு ஓட வேண்டியதில்லை என்ற செய்தியை மோனைக்காக இழக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாம் அடியின் மணியும் அங்கே மறுபடி ஒலிக்கிறது. முதல் இரண்டடியில் 'விடை, கடந்த' என்று டகர வருக்கம் மட்டும் ஒத்திருப்பது வருக்க எதுகை, அது ஏற்றுக்கொள்ளப்பட்டதுதான். தமிழாசிரியர் யாராவது விளக்கம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அவருடைய பெயரின் எழுத்துகளை அடிகளின் முதலில் வைத்து எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. உங்களுக்கும் யாராவது அதைச் சொல்லக்கூடும். சட்டமிட்ட மடலாகக் கொடுக்க அது நன்றாக இருக்கும். வாசிக்கும்போது யார் காதுக்கும் தெரியாது, ஆனால் அந்த எழுத்துக்காகப் பல அடிகள் வளைந்துபோயிருக்கும். வாசிக்கும் கவிதைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எனக்கு உறுதியாகத் தெரியாதவற்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியையை நான் பார்த்ததில்லை. சுண்ணக்கட்டிப் பெட்டியைச் சபையில் சொல்வது அவருக்கு மகிழ்ச்சியாக இருக்குமா, சிக்கனத்தைச் சுட்டிக்காட்டியது போல உறுத்துமா என்று என்னால் சொல்ல முடியாது. 'கண்ணெனப் பொறுக்கி' என்ற சொல்லால் அதை மதிப்பாகவே வைக்க முயன்றிருக்கிறேன். அவரோடு நெருக்கமான ஒருவரிடம் அந்த இரண்டு அடிகளையும் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். அவர் தயங்கினால் எடுத்துவிடுங்கள், கவிதைக்கு ஒன்றும் ஆகாது. 'அம்மா' என்ற விளியும் அப்படித்தான். உங்கள் பள்ளியில் ஆசிரியைகளை எப்படி அழைப்பார்களோ அதையே வையுங்கள். 'டீச்சர்' என்பதுதான் வழக்கம் என்றால் அதுவும் தேமாதான், அடி கெடாது. ஒன்பதாம் அடியின் மோனையும் பத்தாம் அடியோடு உள்ள எதுகையும் மட்டும் போகும், அவற்றை வேறு விதமாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். 'எங்கே வழி' என்ற வரியை மாணவர்களே சேர்ந்து சொல்லும்படி ஏற்பாடு செய்யலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சில பள்ளிகளில் அது அருமையாக அமைந்ததைக் கண்டிருக்கிறேன், சிலவற்றில் ஒத்திகை பார்த்தது போலக் கேட்டது. உங்கள் மாணவர்களை நீங்கள்தான் அறிவீர்கள்.

நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ஆனாலும் குறைந்தது நான்கு அடிகளாவது உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அறிவியல் ஆசிரியர், அவர் கணித ஆசிரியை. உங்கள் பாடத்துக்கும் அவர் பாடத்துக்கும் இடையே ஆண்டுகளாக ஏதாவது நடந்திருக்கும்: ஒரு சமன்பாட்டை முதலில் யார் நடத்துவது என்ற பேச்சு, தேர்வுக் காலத்தில் மாற்றிக்கொண்ட பாடவேளை, ஒரு மாணவனைப் பற்றி இருவரும் சேர்ந்து கவலைப்பட்டது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த அப்படி ஒன்று எட்டாம் அடிக்குப் பிறகு, 'அம்மா' என்று திரும்புவதற்கு முன்னால் வர வேண்டும். அதை நான் எழுத முடியாது. முதலில் ஒரே வாக்கியமாக உரைநடையில் எழுதுங்கள். போகக் கூடாத இரண்டு சொற்களைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு நாலு நாலு சீராக அடுக்கிப் பாருங்கள். முதல் நாள் வராவிட்டால் விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

வாசிப்பதற்கான தாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பலர் இதில் இடறுகிறார்கள். யாப்புக்காகச் சீர் பிரித்து எழுதும்போது சொற்கள் நடுவில் உடையும்: 'மணியடித் தாலும்', 'அவ்வகுப் பறையில்'. மேடையில் அதைப் பார்த்துப் படித்தால் கண் உடைந்த இடத்தில் குரலும் நிற்கும், 'பறையில்' என்று தனியாக ஒன்று விழும். எனவே இரண்டு படி வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் படியில் 'மணியடித்தாலும்', 'அவ்வகுப்பறையில்' என்று சொல்லைச் சேர்த்தே, பெரிய எழுத்தில், அடிக்கு அடி இடைவெளி விட்டு எழுதுங்கள். எங்கே மூச்சு விடுவது என்று சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கவிதையில் ஒவ்வொரு இரண்டடிக்குப் பிறகும் ஒரு சிறு நிறுத்தம் போதும். 'பெட்டியில்' என்று முடிந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தி, மாணவர்களிடமிருந்து முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்துவிட்டு 'அம்மா' என்று தொடங்குங்கள். 'ஒவ்வொரு வரியாய்' என்ற இடத்தில் அடி முடிந்தாலும் பொருள் முடியவில்லை, நிறுத்தாமல் 'சொல்லிப் பார்ப்போம்' வரை போய்விடுங்கள். கடைசி அடியின் 'எனவே' நீட்டிப் பாடுவதற்கானது அல்ல. இயல்பான குரலில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே நன்றி, வணக்கம் என்று சேர்த்துவிடாமல் ஒரு மூச்சு இடம் கொடுங்கள்.

சீர் பிரித்த படியை அவருக்குக் கொடுக்கும் மடலாக வையுங்கள். அதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் உங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் ஒரு தடவை காட்டி, ஒற்று மிகும் இடங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'கூடக் கண்ணென', 'வரியாய்ச் சொல்லி' என்று அடி விட்டு அடி தாவும் இடங்களில் அச்சகத்தில் ஒற்றை விட்டுவிடுவார்கள். கீழே நாளும் உங்கள் பெயரும் இருக்கட்டும். உங்கள் நான்கு அடி தயாரானதும் இங்கே பதியுங்கள், சீர் பிரித்துப் பார்த்துச் சொல்கிறேன்.